பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்கும் கடிதம்: நான்கு விஷயங்கள், ஒரு கேள்வி

எங்கள் அம்மாவுக்கு முதல் முறை கனடா விசா மறுக்கப்பட்டபோது வந்த கடிதத்தில் காரணம் என்று இரண்டு மூன்று வரிகள்தான் இருந்தன. தங்கும் காலம் முடிந்ததும் அவர் நாட்டை விட்டுக் கிளம்புவார் என்பதில் அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. கனடாவில் அவருக்கு இருக்கும் குடும்ப உறவும், வருகையின் நோக்கமும் அதற்குக் காரணமாகக் குறிக்கப்பட்டிருந்தன. நான் எழுதி அனுப்பிய அழைப்புக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம் இருந்தது. அம்மாவைப் பார்த்து நான்கு ஆண்டு ஆகிறது, பேரனை அவர் தூக்கிக் கொஞ்சியதே இல்லை, செலவு முழுவதும் என்னுடையது, எவ்வளவு நாள் அனுமதி கொடுத்தாலும் வைத்துப் பார்த்துக்கொள்ள எனக்கு வசதி இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தேன். எல்லாமே உண்மை. ஆனால் அம்மா எந்தத் தேதியில் திரும்புவார், ஊரில் அவருக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்காகவும், டொராண்டோ பக்கம் இருக்கும் நண்பர்கள் சிலருக்காகவும் இப்படிப்பட்ட கடிதங்களை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் எதற்கு, அதில் என்ன இருக்க வேண்டும், எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதை, முதல்முறையாக எழுதப்போகிறவர்களுக்காக இங்கே சொல்கிறேன். நான் சொல்வது கனடாவின் சாதாரணப் பார்வையாளர் விசா பற்றி. மற்ற நாடுகளிலும் கடிதத்தின் அடிப்படை இதுதான் என்றாலும் விதிகள் வேறு.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம்மவர்கள் எல்லோரும் இதை 'ஸ்பான்சர் லெட்டர்' என்றுதான் சொல்கிறோம். கனடாவின் குடிவரவுத் துறையான ஐ.ஆர்.சி.சி. இதை அழைப்புக் கடிதம் என்கிறது. அங்கே 'ஸ்பான்சர்' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. பெற்றோரை நிரந்தரமாகக் குடியேற்ற விண்ணப்பித்து, பல ஆண்டுகளுக்கு அவர்களுடைய செலவைச் சட்டப்படி ஏற்றுக்கொள்பவர்தான் ஸ்பான்சர். நான்கு மாதம் வந்து போகும் பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் 'நான் என் பெற்றோரை ஸ்பான்சர் செய்கிறேன்' என்று எழுதினால், குடியேற்றத்தையும் வருகையையும் நாமே கலந்துவிட்டது போல ஆகிறது. 'வந்து பார்த்துவிட்டுப் போக அழைக்கிறேன், இன்ன இன்ன செலவை ஏற்கிறேன்' என்று எழுதுவதே சரி.

சட்டப்படி இந்தக் கடிதத்தின் எடையும் குறைவுதான். பெற்றோர் கனடாவுக்குள் வந்த பிறகு அவர்கள் செய்வதற்கெல்லாம் கடிதம் எழுதியவர் சட்டப் பொறுப்பாளி ஆவதில்லை. கடிதம் இருந்தால் விசா நிச்சயம் என்பதும் இல்லை. நல்லெண்ணத்தோடு, உண்மையைச் சொல்லி எழுத வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. பொய் சொன்னால் மட்டும் விளைவு கடுமையானது. விண்ணப்பத்தில் முக்கியமான செய்தியைத் திரித்தோ மறைத்தோ சொன்னது தெரிந்தால், குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி விண்ணப்பித்தவர் 5 ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் வர முடியாது. தண்டனை கடிதம் எழுதிய பிள்ளையைவிட ஊரில் இருக்கும் அப்பா அம்மா தலையில்தான் விழும்.

அதிகாரி மனதில் இருக்கும் கேள்வி

விசா அதிகாரி முடிவெடுக்கும்போது அவர் முன்னால் இருக்கும் விதி இதுதான்: அனுமதித்த காலம் முடிவதற்குள் இவர் கனடாவை விட்டுக் கிளம்புவார் என்று எனக்கு நம்பிக்கை வருகிறதா? குடிவரவு விதிகளில் 179(b) என்று குறிக்கப்படும் பத்தி அது. மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி கண்ணில் படும் எண்ணும் அதுவே.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம் கடிதங்களைப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். பெற்றோர் மீது நமக்கு இருக்கும் பாசமும், நம்முடைய சம்பளமும், நம் வீட்டின் அளவும் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. பிள்ளை கனடாவில் வசதியாக இருப்பதே பெற்றோர் திரும்பாமல் போவதற்கான காரணமாக ஓர் அதிகாரிக்குத் தோன்றலாம். அவர் நம் குடும்பத்தை அறியாதவர். மேசையில் குவிந்திருக்கும் கோப்புகளில் நம்முடையது ஒன்று. பாசத்துக்கு நான்கு வரி, பணத்துக்கு நான்கு வரி, திரும்புவதற்கு ஒன்றுமே இல்லை என்றால், இவர் ஏன் திரும்பிப் போக வேண்டும் என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை.

உறவு, நோக்கம், காலம், செலவு என்று நான்கு விஷயங்களை இந்தக் கடிதம் சொல்ல வேண்டும் என்பார்கள். நான்கும் வேண்டியதுதான். ஆனால் நான்கையும் அந்த ஒரே கேள்வியை நோக்கித் திருப்பி எழுத வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது கற்பனைதான், ஆனால் இதில் உள்ள ஒவ்வொன்றும் பல வீடுகளில் நான் பார்த்தது. மகள் மிசிசாகாவில் இருக்கிறார், பி.ஆர். பெற்றவர். கணவர், 4 வயது மகன் என்று வீட்டில் மூன்று பேர். ஜூன் கடைசி வாரத்தில் இரண்டாவது பிரசவம். அப்பா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 66, ஓய்வூதியம் வருகிறது, இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அம்மாவுக்கு வயது 60. அதே வீட்டில் 86 வயதுப் பாட்டியும் தம்பி குடும்பமும் இருக்கிறார்கள். பெற்றோர் இருவரும் மே 20 அன்று வந்து செப்டம்பர் 10 அன்று திரும்புவதாகத் திட்டம்.

உறவு: பெயரில் இருக்கும் சிக்கல்

உறவைச் சொல்வது ஒரு வரி வேலை. 'கீழே குறிப்பிட்டுள்ள இருவரும் என்னைப் பெற்ற தாய் தந்தையர்' என்று எழுதி, ஒவ்வொருவரின் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண், பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். சிக்கல் அந்த வரியை நிரூபிக்கும் இடத்தில் வருகிறது. தமிழ்ப் பெயர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுகிறோம். பாஸ்போர்ட்டில் அது விரிந்து முழுப் பெயராகி, சில நேரம் முன்னால் வரும், சில நேரம் பின்னால் வரும். கல்யாணத்துக்குப் பிறகு மகள் பெயரோடு கணவர் பெயர் சேர்ந்துவிடுகிறது. மகளின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் 'ம்' என்று முடிகிறது, அப்பாவின் பாஸ்போர்ட்டில் 'ன்' என்று முடிகிறது. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் வேறு பெயர். இவர்கள் ஒரே ஆட்கள்தான் என்பது நமக்குத் தெரியும். தூரத்தில் உட்கார்ந்து காகிதத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது.

இதற்குக் கடிதத்திலேயே இரண்டு வரி ஒதுக்குங்கள். 'என் பிறப்புச் சான்றில் என் தாயின் பெயர் இப்படி உள்ளது, அவருடைய பாஸ்போர்ட்டில் இப்படி உள்ளது, இரண்டும் ஒரே நபரைக் குறிக்கின்றன. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. என் பெயரோடு இருப்பது என் கணவரின் பெயர்' என்று நேராகச் சொல்லிவிடலாம். கூடவே இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஊரில் ஒரு நோட்டரியிடம் அம்மா செய்து தரும் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைக்கலாம். பலர் மறந்துவிடும் ஒரு நல்ல சான்று நம் இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம். பல பாஸ்போர்ட்டுகளில் அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டும் அதில் அச்சாகியிருக்கும். கனடியக் குடியுரிமை வாங்கிய பிறகு ரத்தான பழைய பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்திருந்தால், அந்தப் பக்கத்தின் நகலும் உதவும். தமிழில் மட்டும் இருக்கும் சான்றுகளுக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு கட்டாயம்.

நோக்கமும் காலமும்

இவை இரண்டையும் நான் சேர்த்தே பார்க்கிறேன். நோக்கம் சரியாக இருந்தால் காலம் அதிலிருந்து தானாக வரும்.

'குடும்பத்தோடு நேரம் செலவிட' என்பது நோக்கம்தான், ஆனால் அதற்கு முடிவு கிடையாது. நான்கு மாதமும் அதற்குப் பொருந்தும், நான்கு வருடமும் பொருந்தும். 'ஜூன் கடைசி வாரத்தில் எனக்குப் பிரசவம், அதற்கு ஒரு மாதம் முன்னால் வந்து, குழந்தை பிறந்து இரண்டரை மாதம் கூட இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள்' என்று எழுதினால், அதற்குள்ளேயே ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கின்றன. நம் நாட்டில் பிரசவம் தாய் வீட்டில் நடப்பது வழக்கம், அதற்கு ஈடாகத்தான் அம்மா இங்கே வருகிறார் என்று ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. மருத்துவர் கொடுத்த, பிரசவத் தேதி குறித்த கடிதத்தின் நகலை வைத்தால் அந்தத் தேதிக்கு ஆதாரம் கிடைக்கிறது. திருமணமாக இருந்தால் மண்டபப் பதிவு, பட்டமளிப்பாக இருந்தால் கல்லூரியின் அழைப்பு. விசேஷம் ஒன்றுமே இல்லை, சும்மா பார்க்கத்தான் வருகிறார்கள் என்றாலும் தப்பில்லை. அப்போது கோடை விடுமுறையின் ஆறு வாரம் என்று ஒரு சட்டகத்துக்குள் அதை வைக்க வேண்டும்.

பிரசவத்துக்கு வரும் அம்மா விஷயத்தில் ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலை செய்வதாகிவிடுமோ, அனுமதி இல்லாமல் வேலை செய்யும் குற்றமாகிவிடுமோ என்று கேட்பார்கள். வருகையின்போது மகளுக்குச் சம்பளம் வாங்காமல் ஒரு தாய் குழந்தை வளர்ப்பில் உதவுவதை, வேலை என்று கருதத் தேவையில்லாத செயலுக்கு எடுத்துக்காட்டாகவே ஐ.ஆர்.சி.சி.யின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதும் விதம் முக்கியம். 'இங்கே குழந்தைக் காப்பகச் செலவு அதிகம், நான் வேலைக்குத் திரும்ப வேண்டும், அதனால் அம்மா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார்' என்று ஒரு நண்பர் எழுதி வைத்திருந்தார். படித்துப் பாருங்கள், இதற்கு முடிவு எங்கே? குழந்தை பள்ளிக்குப் போகும் வரை அந்தத் தேவை இருக்கிறது. செப்டம்பரில் அம்மா கிளம்புவார் என்று கடிதத்தின் அடுத்த பத்தி சொன்னாலும், இந்தப் பத்தி அதை மறுத்துவிடுகிறது.

அடுத்தது தேதி. சாதாரணப் பார்வையாளர் விசாவில் ஒரு வருகைக்கு வழக்கமாக 6 மாதம் வரை தங்கலாம். விமான நிலையத்தில் இருக்கும் எல்லை அதிகாரி அதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பாஸ்போர்ட்டில் அவர் வேறு தேதி எழுதவில்லை என்றால் நுழைந்த நாளிலிருந்து 6 மாதம் என்று பொருள். விசா பல ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் என்று அச்சாகியிருந்தாலும், அது உள்ளே வந்து போவதற்கான காலம், தொடர்ந்து தங்குவதற்கான காலம் அல்ல. இந்த இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 6 மாதம் கிடைக்கும் என்பதால் 6 மாதமும் கேட்க வேண்டும் என்றும் இல்லை. நம் எடுத்துக்காட்டில் மே 20 முதல் செப்டம்பர் 10 வரை சுமார் 16 வாரம்தான்.

ஏன் செப்டம்பர் 10? இந்த இடத்தில்தான் மகள் நன்றாக யோசித்து எழுத வேண்டும். அப்பாவின் நிலத்தில் சம்பா நடவுக்கான வேலைகள் அந்த மாதத்தில் தொடங்கிவிடும், அதைப் பார்த்துக்கொள்வது அவர்தான். பாட்டியை இந்த நான்கு மாதம் தம்பி மனைவி பார்த்துக்கொள்கிறார், அதற்கு மேல் அவருக்கு முடியாது. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு, வீடு, நிலம் எல்லாம் கும்பகோணத்தில் இருக்கின்றன, மகன் குடும்பமும் அங்கேதான் இருக்கிறது. இப்படி எழுதினால் திரும்பிப் போகும் காரணம் அந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்தே வருகிறது. ஓய்வூதிய ஆணையின் நகல், பட்டா, சிட்டா, தம்பி எழுதிய ஒரு பக்கக் கடிதம் ஆகியவற்றை அப்பா தன் விண்ணப்பத்தோடு வைப்பார். மகளின் கடிதம் அவற்றைச் சுட்டிக்காட்டிக் கோத்துக் கொடுக்கும். வெறும் பட்டா நகல் தனியாகக் கிடந்தால் அது சொத்துக் காகிதம் மட்டும்தான். நடவுக்கு அவர் அங்கே இருந்தாக வேண்டும் என்று கடிதம் சொன்ன பிறகுதான் அது திரும்புவதற்கான சான்றாகிறது.

எங்கள் அம்மாவுக்கு நிலம் ஏதும் இல்லை. அப்பா தவறிவிட்டார். அவர் தனியாகத்தான் இருக்கிறார். இப்படிப்பட்ட நிலையில் கடிதம் எழுதுவது கடினம் என்பதை மறைக்கத் தேவையில்லை. இரண்டாவது முறை நான் எழுதியது இவ்வளவுதான்: அம்மா சொந்த வீட்டில் இருக்கிறார், குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார், அக்கா அதே தெருவில் குடியிருக்கிறார், சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மருத்துவரிடம் போகிறார், இரண்டரை மாதம் மட்டும் வந்து அக்கா மகளின் கல்யாணத்துக்கு முன்னால் திரும்புகிறார். கல்யாணப் பத்திரிகையையும் வைத்தேன். கேட்ட காலத்தைக் குறைத்ததும், திரும்ப வேண்டிய நாளைப் பத்திரிகையில் அச்சடித்த தேதியாகவே காட்டியதும் உதவின என்று நினைக்கிறேன்.

செலவு: யார், எதை, எதிலிருந்து

'எல்லாச் செலவையும் நானே ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வரி பெருந்தன்மையாக இருக்கிறது, ஆனால் அதில் தகவல் குறைவு. அதைப் பிரித்து எழுதினால் நம்பும்படி இருக்கும். நம் எடுத்துக்காட்டில் போக வர விமான டிக்கெட்டை அப்பா தன் சேமிப்பிலிருந்து எடுக்கிறார். தங்குவது மகள் வீட்டில், அதற்கென்று தனி அறை இருக்கிறது. சாப்பாடு, உள்ளூர்ப் பயணம், மருத்துவக் காப்பீடு ஆகியவை மகளும் மருமகனும் செய்வது. மகளின் ஆண்டு வருமானம் இவ்வளவு, மருமகனுடையது இவ்வளவு, பிரசவ விடுப்பில் மகள் வருமானம் குறைந்தாலும் மருமகன் வேலையில் தொடர்கிறார் என்று எழுத வேண்டும். ஜூனில் பிரசவம் என்று மேலே எழுதிவிட்டு, கீழே மகளின் முழுச் சம்பளத்தைக் காட்டினால் அந்த ஓட்டையைப் படிப்பவர் கவனிப்பார். நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது மேல்.

டிக்கெட்டை அப்பா எடுப்பது சிறு விஷயம் போலத் தோன்றும். ஆனால் சொந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது போட முடிகிற மனிதர் என்பது, அவருக்கு ஊரில் ஒரு பொருளாதார வாழ்க்கை இருக்கிறது என்று காட்டுகிறது. விசா படிவத்தில் பயணத்துக்குக் கையில் இருக்கும் தொகையைக் கேட்கும் கட்டமும் உண்டு. முழுக்க முழுக்கப் பிள்ளையையே நம்பி வரும் பெற்றோருக்கு விசா கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. முடிந்தால் பங்கைப் பிரித்துக் காட்டுங்கள்.

இணைப்புகளைப் பொறுத்தவரை, வேலை பார்க்கும் இடத்திலிருந்து பதவி, சேர்ந்த தேதி, சம்பளம் மூன்றும் குறித்த கடிதம், கடைசிச் சில சம்பளச் சீட்டுகள், கனடா வருவாய்த் துறை ஆண்டுதோறும் அனுப்பும் வரிக் கணக்கு அறிவிப்பு, சில மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை போதும். வங்கிக் கணக்கில்தான் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. இருப்பு கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று விண்ணப்பிக்கும் முந்தின வாரம் நண்பரிடம் வாங்கி ஒரு பெரிய தொகையைப் போட்டு வைப்பார்கள். ஆறு மாதமாக நாலாயிரத்தைத் தாண்டாத கணக்கில் திடீரென்று இருபதாயிரம் டாலர் வந்தால், அந்த வரிதான் முதலில் கண்ணில் படும். ஊரில் அப்பாவின் கணக்குக்கும் இது பொருந்தும். நிலம் விற்றோ, வைப்பு நிதி முதிர்ந்தோ உண்மையாகவே பணம் வந்திருந்தால், அந்தக் காகிதத்தையும் சேர்த்து வைத்து ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்வையாளராக வரும் பெற்றோருக்கு ஒண்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. சாதாரணப் பார்வையாளர் விசாவுக்குத் தனியார் காப்பீடு கட்டாயம் இல்லை என்றாலும், மருத்துவமனையில் சில நாள் படுத்தால் வரும் பில் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும். கடிதத்தில் 'வருகைக் காலம் முழுவதற்கும் காப்பீடு எடுக்கிறேன்' என்று எழுதினால் அதைக் கட்டாயம் எடுங்கள். எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் போல முன்பே இருக்கும் நோய்களுக்கான நிபந்தனையை முழுவதும் படியுங்கள். பயணத்துக்கு முன்னால் இத்தனை நாள் மருந்து மாறாமல், நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் இருக்கும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றினால், அந்த நோய்க்கான செலவு காப்பீட்டுக்குள் வராமல் போகலாம்.

இங்கே சூப்பர் விசா பற்றியும் ஒரு வார்த்தை. அது பெற்றோர், தாத்தா பாட்டிக்கு மட்டும் உள்ள தனி விசா. ஒரு முறை வந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம். அதில் செலவை ஏற்கும் உறுதி கடிதத்தின் அழகுக்காக இருப்பதில்லை, அது நிபந்தனை. பிள்ளை அல்லது பேரப்பிள்ளை கையெழுத்திட்ட கடிதத்தில் வருகைக் காலம் முழுவதற்குமான ஆதரவை உறுதி கூற வேண்டும், வீட்டில் எத்தனை பேர் என்று பட்டியல் தர வேண்டும், அந்த எண்ணிக்கைக்கு அரசு குறித்த குறைந்தபட்ச வருமானத்தைக் காட்ட வேண்டும், குறைந்தது 1,00,000 டாலருக்கு ஓர் ஆண்டுக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், பெற்றோருக்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. நீண்ட நாள் வைத்துக்கொள்வதுதான் உண்மையான எண்ணம் என்றால் அந்த வழியில் போவதே நேர்மையும் எளிதும். நான்கு மாதம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, வந்த பிறகு நீட்டிக்கலாம் என்று திட்டமிட வேண்டாம்.

கடிதம் கண்ணுக்கு எப்படி இருக்கும்

கடிதம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. நம் எடுத்துக்காட்டின் உள்ளடக்கத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

"மேலே கண்ட முகவரியில் வசிக்கும் நான் இன்ன தேதியில் பிறந்தவள். கனடாவின் நிரந்தரக் குடியிருப்பாளர். இன்ன நிறுவனத்தில் இன்ன பதவியில் இருக்கிறேன். என் வீட்டில் நான், என் கணவர், 4 வயது மகன் என மூவர் இருக்கிறோம். வேறு எவருக்கும் நாங்கள் ஸ்பான்சராக இல்லை.

இந்தியாவில் கும்பகோணத்தில் வசிக்கும் என் தந்தையையும் தாயையும் மே 20 முதல் செப்டம்பர் 10 வரை எங்களோடு தங்க அழைக்கிறேன். அவர்களின் முழு விவரம் கீழே உள்ளது. எனக்கு ஜூன் கடைசி வாரத்தில் இரண்டாவது குழந்தை பிறக்க இருக்கிறது. பிரசவத்தின்போதும் அதற்குப் பிந்தைய வாரங்களிலும் அவர்கள் என்னோடு இருப்பார்கள்.

இருவரும் எங்கள் வீட்டில் தங்குவார்கள். விமானக் கட்டணத்தை என் தந்தை தம் சேமிப்பிலிருந்து செலுத்துகிறார். தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் பயணம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் செலவை நானும் என் கணவரும் ஏற்கிறோம். எங்கள் வருமானச் சான்றுகளை இணைத்துள்ளேன்.

செப்டம்பர் 10 அன்று அவர்கள் இந்தியா திரும்புவார்கள். என் தந்தை தம் நிலத்தில் அந்த மாதம் தொடங்கும் நெல் நடவை நடத்த வேண்டும். அவர்களோடு வசிக்கும் 86 வயதான என் பாட்டியை அதுவரை மட்டுமே என் தம்பி குடும்பம் பார்த்துக்கொள்ளும்."

கீழே கையெழுத்து, தேதி, தொலைபேசி எண். பி.ஆர். அட்டையின் நகல் இணைப்பு. ஒரே கடிதத்தில் இருவரையும் குறிப்பிடலாம். ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனி விண்ணப்பம் என்பதால் இரண்டிலும் கடிதத்தின் நகல் இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை சில விசா அலுவலகங்கள் கேட்கலாம். உங்கள் நாட்டுக்கான விண்ணப்பக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி. கடிதத்தில் இருப்பது உண்மை என்பதற்கு அவர் சாட்சி இல்லை, அதனால் முத்திரை போட்டதாலேயே கடிதம் பலமாகிவிடாது.

அனுப்புவதற்கு முன்னால் கடிதத்தையும் `IMM 5257` விண்ணப்பப் படிவத்தையும் `IMM 5645` குடும்ப விவரப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். ஊரில் ஏஜென்ட் படிவத்தை நிரப்புவார், இங்கே பிள்ளை கடிதம் எழுதுவார், இருவரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். படிவத்தில் ஆறு மாதம், கடிதத்தில் நான்கு மாதம் என்று வந்துவிடும். குடும்பப் படிவத்தில் எல்லாப் பிள்ளைகளையும் எழுத வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளையைச் சொன்னால் விசா கிடைக்காதோ என்று பயந்து விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் முதலில் சொன்ன 5 ஆண்டுத் தடைக்கு இப்படிப்பட்ட மறைப்பே காரணமாகலாம். முன்பு ஏதாவது ஒரு நாட்டில் விசா மறுக்கப்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மறுப்பு வந்துவிட்டால் அதே கடிதத்தை அடுத்த வாரமே திருப்பி அனுப்பாதீர்கள். அதிகாரி கோப்பில் எழுதி வைத்த குறிப்புகளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டிக் கேட்டு வாங்கலாம். பெற்றோரின் சம்மதக் கையெழுத்தோடு கனடாவில் இருக்கும் பிள்ளை விண்ணப்பிக்கலாம். எங்கள் அம்மா விஷயத்தில் அந்தக் குறிப்பைப் படித்த பிறகுதான், பணம் பிரச்சினையாகவே இருக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வருகைக் காலம் தெளிவாக இல்லை என்றுதான் அதில் இருந்தது.

விசா கிடைத்த பிறகும் கடிதத்துக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. டொராண்டோ விமான நிலையத்தில் எல்லை அதிகாரி, எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், எதற்கு வந்தீர்கள் என்று அம்மாவிடம்தான் கேட்பார். பதற்றத்தில் 'மகன் எவ்வளவு நாள் சொல்கிறானோ அவ்வளவு நாள்' என்று நம் அம்மாக்கள் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் கடிதத்தின் ஒரு நகலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்புறம் அதையே தமிழிலும் எழுதி அனுப்பி, கிளம்புவதற்கு முந்தின இரவு போனில் ஒருமுறை அம்மாவை எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். திரும்பும் தேதி வரும் வரியை மட்டும் இரண்டு முறை படித்தார்.